பையருக்கு எழுதும் ‘மோர் பெட்டர்’

திருப்பூரில் காலையில் டையிங் யூனிட்டில் நடந்த ஒரு விஷயம், மாலைக்குள் ஐரோப்பாவில் உட்கார்ந்திருக்கும் ஒரு குவாலிட்டி மேலாளரின் திரையில் நான்கு வரியாகப் போய் நிற்கும். துணியை அவர் தொட்டுப் பார்க்கவில்லை, சாயத்தொட்டியைப் பார்க்கவில்லை. மெர்ச்சண்டைசர் எழுதிய அந்த நான்கு வரிதான் அவருக்குத் துணி. அந்த வரிகளில்தான் ‘மோர் பெட்டர்’ வருகிறது, ‘மோர் சாஃப்ட்டர்’ வருகிறது, ‘மோஸ்ட் லேட்டஸ்ட் ரிப்போர்ட்’ வருகிறது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் மெயில்களை வெளியே போகும் முன் படித்துத் திருத்துவது என் வேலையில் ஒரு பகுதி. இதைப் பற்றி ஒரு முறை விரிவாக எழுதிவிட வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

இலக்கணம் சின்னதுதான். ஆங்கிலத்தில் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட இரண்டு வழி உண்டு. சாஃப்ட், திக், பிரைட் போன்ற குட்டிச் சொற்களுக்கு வால் முளைக்கும்: சாஃப்ட்டர், திக்கர், பிரைட்டர். டியூரபிள், யூனிஃபார்ம், கன்சிஸ்டன்ட் போன்ற நீளச் சொற்களுக்கு வால் முளைக்காது, முன்னால் ‘மோர்’ வந்து நிற்கும். ஒரு சொல்லுக்கு இரண்டில் ஒன்றுதான். ‘பெட்டர்’ என்பது ‘குட்’ என்பதன் ஒப்பீட்டு வடிவம், ‘லேட்டஸ்ட்’ என்பது ‘லேட்’ என்பதன் உச்ச வடிவம். அவற்றுக்குள்ளேயே ‘மோர்’, ‘மோஸ்ட்’ அடங்கியிருக்கின்றன. மேலே இன்னொன்றை ஏற்றினால் பிழை.

இதை நம் பிள்ளைகள் பள்ளியிலேயே படித்திருக்கிறார்கள். கேட்டால் சரியாகவே சொல்வார்கள். பிறகு ஏன் மெயிலில் வருகிறது? தமிழில் நல்ல, மெல்லிய, புதிய என்ற சொற்கள் ஒப்பிடும்போது உருமாறுவதில்லை. ‘அதைவிட’, ‘இன்னும்’, ‘ரொம்ப’, ‘இருப்பதிலேயே’ என்று பக்கத்தில் வரும் சொல்தான் வேலையைச் செய்கிறது. இது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய காரணம், ‘பெட்டர்’, ‘லேட்டஸ்ட்’ இரண்டும் நம் பேச்சில் தமிழ்ச் சொற்களாகவே ஆகிவிட்டன. “இந்த லாட் பெட்டரா இருக்கு”, “இன்னும் பெட்டரா பண்ணிக் குடுங்க”, “லேட்டஸ்ட் டிசைன் வந்திருக்கு” என்று ஃப்ளோரில் நாள் முழுக்கப் பேசுகிறோம். அங்கே ‘பெட்டர்’ என்றால் ‘பரவாயில்லை, நல்லது’ என்றுதான் பொருள். ‘லேட்டஸ்ட்’ என்றால் வெறும் ‘புதுசு’. ஒப்பீடும் உச்சமும் உதிர்ந்துபோன சொற்கள் அவை. அதனால் ‘இன்னும் பெட்டர்’ என்பது தமிழில் தப்பே இல்லை. அதே மனசோடு கீபோர்டில் கை வைத்தால் ‘மோர் பெட்டர்’ தானாக வந்து விழுகிறது.

இதைப் புரிந்துகொண்டால் திருத்தும் முறையும் மாறும். அந்த ‘மோர்’ சும்மா வந்த சொல் இல்லை. எழுதியவர் மனதில் ஒரு ‘இன்னும்’ இருந்தது, அல்லது ஒரு ‘ரொம்ப’ இருந்தது. சிவப்பில் கோடு போட்டு ‘மோர்’ என்ற சொல்லை நீக்கினால் இலக்கணம் சரியாகிவிடும், சொல்ல வந்த விஷயத்தில் பாதி அதோடு போய்விடும்.

எங்கள் தொழிலில் அடிக்கடி நடக்கும் ஒன்றை மாதிரியாக வைத்துக்கொள்வோம். 180 ஜி.எஸ்.எம். சிங்கிள் ஜெர்ஸி, காட்டன் டி-ஷர்ட். லேப் ரிப்போர்ட்டில் பில்லிங் 3 என்று வந்திருக்கிறது, பையர் கேட்பது 4. பில்லிங் என்பது உடுத்தி உரச உரசத் துணியின் மேல் உருண்டு நிற்கும் சின்னச் சின்னப் பஞ்சு முடிச்சுகள். துணியைத் துணியோடு உரசவிட்டு, படத்தோடு ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். 5 என்றால் முடிச்சே இல்லை, 1 என்றால் துணி முழுக்க முடிச்சு. 3 வந்ததும் யூனிட்டில் பயோ வாஷ் போடச் சொல்கிறோம். செல்லுலேஸ் என்ற என்சைம், துணிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பஞ்சு நுனிகளைத் தின்றுவிடும். முடிச்சு உருளுவதற்கு நுனி இருக்காது. மறுபடி டெஸ்ட் கொடுத்தால் 4 வருகிறது. எல்லோருக்கும் நிம்மதி. மெர்ச்சண்டைசர் மெயில் எழுதுகிறார்:

```
We have done bio wash. Now the quality is
more better than before. Hand feel also more softer.
Pls find attached most latest report. Kindly approve.
```

பையருக்கு இது புரியாமல் போகாது. ஆனால் திரும்பி வரும் பதில் பெரும்பாலும் அப்ரூவல் அல்ல, கேள்விதான். எந்த விதத்தில் பெட்டர்? எதைவிட? எந்த ரிப்போர்ட்? ஒரு நாள் அங்கேயே போய்விட்டது. கட்டிங் அப்ரூவலுக்காகக் காத்திருக்கும்போது ஒரு நாள் என்பது எங்களுக்குச் சாதாரணமில்லை.

முதல் வரியை எடுங்கள். ‘மோர்’ என்பதை நீக்கி, ‘இப்போது தரம் முன்பைவிட பெட்டர்’ என்று திருத்தலாம். மாணவரின் நோட்டுக்கு அது போதும். இங்கே போதாது, ஏனென்றால் ‘தரம்’ என்று ஒன்று தனியாக இல்லை. பில்லிங் ஏறியது, சரி. பயோ வாஷ் பஞ்சைத் தின்றதால் துணியின் எடையும் சற்றுக் குறைந்திருக்கும். அளவு மிஞ்சிப் போட்டால் துணியின் வலுவும் இறங்கும். ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கியிருக்கிறது. அனுபவமுள்ள குவாலிட்டி மேலாளருக்கு இது தெரியும். ‘பயோ வாஷ் போட்டோம், எல்லாம் பெட்டர்’ என்று வாசித்ததும் அவர் மனதில் வரும் முதல் கேள்வி, எடை எவ்வளவு குறைந்தது என்பதுதான். அதை நாமே சொல்லிவிட்டால் மெயிலுக்கு மரியாதை. சொல்லாமல் விட்டால் மறைக்கிறோமோ என்ற சந்தேகம்.

அந்த மெயிலை நான் இப்படி மாற்றச் சொல்வேன்:

```
After bio wash, pilling has improved from grade 3
to grade 4 (your requirement: 4). The fabric is also
softer. Weight is now 174 GSM against 180 GSM,
within your 5% tolerance. Report attached, dated 12 March.
```

இதில் ‘பெட்டர்’ என்ற சொல்லே இல்லை என்பதைப் பாருங்கள். 3-லிருந்து 4 என்று எழுதிய பிறகு அதற்கு வேலையில்லை. ‘மோர் பெட்டர்’ எழுதும் கைக்கு மருந்து இலக்கணப் புத்தகத்தில் பாதி, லேப் ரிப்போர்ட்டில் பாதி இருக்கிறது. எவ்வளவு முன்னேறியது என்று அழுத்திச் சொல்ல ஆசைப்படும்போதுதான் ‘மோர்’ வந்து உட்காருகிறது. கையில் எண் இருந்தால் அழுத்தம் தானாக வந்துவிடும். 180-இல் ஐந்து சதவீதம் 9, ஆகவே 171 வரை இறங்கலாம். 174 என்று எழுதியதும் பையரே கணக்குப் போட்டு முடித்துவிடுவார்.

‘சாஃப்ட்டர்’ என்பதை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். கையில் பிடித்தால் எப்படி இருக்கிறது என்பதற்குப் பெரும்பாலான ஆர்டர்களில் எண் கேட்க மாட்டார்கள். ஸ்வாட்ச் அனுப்பினால் தொட்டுப் பார்த்துச் சொல்வார்கள். அங்கே ஒப்பீட்டுச் சொல்லை நம்பித்தான் ஆக வேண்டும், அதனால் அது பிழையில்லாமல் இருக்க வேண்டும்.

இதைச் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தபோது ஒரு தங்கச்சி கேட்டாள்: “மோர எடுத்துட்டா சப்புன்னு இருக்குதுங்களே அண்ணா. போன தடவையே பெட்டர்னு எழுதிட்டோம். இப்ப அதவிட நல்லா வந்திருக்குதுன்னு எப்படிங்க சொல்றது?”

அருமையான கேள்வி. இதற்குத்தான் இலக்கணப் புத்தகம் ‘தவறு’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. அவள் கேட்கும் ‘இன்னும்’ என்பதற்கு ஆங்கிலத்தில் சொல் உண்டு: ‘ஈவன் பெட்டர்’. முதல் சாம்பிள் 3, இரண்டாவது 3-4, இப்போது 4 என்றால் மூன்றாவது மெயிலில் அதுதான் சரியான சொல். ‘ரொம்ப’ என்ற பொருளில் வந்தால் ‘மச் பெட்டர்’, அல்லது ‘ஃபார் பெட்டர்’. கொஞ்சம்தான் முன்னேற்றம் என்றால் ‘ஸ்லைட்லி பெட்டர்’. இந்தக் கடைசிச் சொல்லை எழுத நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள், ஆனால் 3-லிருந்து 3-4 வந்ததற்கு அதுதான் நேர்மையான சொல். ‘வெரி பெட்டர்’ கிடையாது. ‘வெரி மச் பெட்டர்’ உண்டு. ‘மோர் அண்டு மோர் பெட்டர்’ கிடையாது, ‘பெட்டர் அண்டு பெட்டர்’ உண்டு.

ஆகவே என் பழக்கம் இது. மெயிலில் ‘மோர் பெட்டர்’ பார்த்தால், எழுதியவரிடம் தமிழிலேயே கேட்பேன்: “நீ சொல்ல வந்தது ‘இன்னும்’மா, ‘ரொம்ப’வா, வெறும் ‘அதைவிட’வா?” பதில் உடனே வரும், தமிழில் அவர்களுக்குக் குழப்பமே இருப்பதில்லை. பதில் வந்ததும் ஆங்கிலச் சொல் தானாக அமைந்துவிடும்.

அடுத்து ஒரு சிக்கல். இது வெறும் அழகு சம்பந்தப்பட்டது இல்லை, பொருளே மாறிவிடும் இடம். இந்த வரியைப் படியுங்கள்:

```
We will send more better pieces for inspection.
```

எழுதியவர் சொல்ல வந்தது, ‘இன்னும் நல்ல பீஸ்களை அனுப்புகிறோம்’ என்று. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவருக்கு இந்த வரி பிழையாகவே தோன்றாமல் போகலாம். ‘மோர்’ என்பதற்கு ‘கூடுதலாக’ என்றும் பொருள் உண்டு. ‘இதைவிட நல்ல பீஸ்கள் கூடுதலாக அனுப்புகிறோம்’ என்று அவர் படிப்பார். பத்து பீஸ் அனுப்பியிருந்த இடத்தில் பதினைந்தோ இருபதோ வரும் என்று எதிர்பார்ப்பார், பத்தே வந்தால் ஷார்ட் என்று எழுதுவார். ‘மோர் சாஃப்ட்டர் ஃபேப்ரிக்’, ‘மோர் ஃபைனர் யார்ன்’ எல்லாவற்றிலும் இதே ஆபத்து இருக்கிறது. பெயர்ச்சொல் பின்னால் வரும் இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும். ‘பெட்டர் பீஸஸ்’ என்று எழுதினால் தரம் மட்டும். எண்ணிக்கையும் கூடும் என்றால் எத்தனை என்று எழுதிவிடுங்கள்.

இன்னொரு வகை: ‘ஷ்ரிங்கேஜ் இஸ் மோர் பெட்டர்’, ‘ஷ்ரிங்கேஜ் இஸ் மோர் லெஸ்’. பில்லிங்கில் எண் ஏறினால் நல்லது. ஷ்ரிங்கேஜில் எண் இறங்கினால் நல்லது. காம்பாக்டிங்கில் திரும்ப ஓட்டி, 7 சதவீதம் இருந்த சுருக்கம் 4.5-க்கு வந்தது என்றால் ‘லோயர்’ என்ற ஒரு சொல் போதும், பக்கத்தில் இரண்டு எண்களும் இருந்தால். ஏறுவது நல்லதா இறங்குவது நல்லதா என்று எழுதுகிறவருக்கே தெளிவில்லாத இடங்களில்தான் ‘பெட்டர்’ என்ற பொதுச்சொல் ஒளிந்துகொள்ள இடம் தருகிறது.

இனி ‘மோஸ்ட் லேட்டஸ்ட்’. இலக்கணத் திருத்தம் எளிது. ‘லேட்டஸ்ட்’ போதும், ‘மோஸ்ட் ரீசன்ட்’ என்றும் எழுதலாம். அழுத்தம் வேண்டுமென்றால், இருப்பதிலேயே புதிது என்று அடித்துச் சொல்ல ‘த வெரி லேட்டஸ்ட்’ உண்டு. பேச்சில் ‘மோஸ்ட்’ செய்ய நினைத்த வேலையை அந்த ‘வெரி’ முறையாகச் செய்துவிடும். ‘லாஸ்ட் ரிப்போர்ட்’ என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள். ‘லாஸ்ட்’ என்றால் போன தடவை வந்தது என்றும் பொருள், இனி வேறு வராது என்றும் பொருள். பி.பி. சாம்பிளை ‘லாஸ்ட் சாம்பிள்’ என்று எழுதினால், அதற்கு மேல் சாம்பிளே கிடையாது என்று ஒருவர் எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது.

ஆனால் பிழையில்லாத ‘லேட்டஸ்ட்’டையே நான் மெயிலில் முழுதாக நம்புவதில்லை. ஒரே ஸ்டைலுக்கு டெக் பேக் மூன்று முறை திருத்தி வரும். ஃபிட் கமென்ட் ஒரு மெயிலில் வரும், அதற்கு மறுநாள் காலர் அகலம் மாற்றி இன்னொரு மெயில் வரும். ‘உங்கள் மோஸ்ட் லேட்டஸ்ட் கமென்ட்படி செய்திருக்கிறோம்’ என்று நம் மெர்ச்சண்டைசர் எழுதும்போது, அவர் பார்த்த கடைசி மெயில் எது? பையர் அனுப்பிய கடைசி மெயில் எது? இரண்டும் ஒன்றாக இல்லாமல் போகும் நாளில்தான் பழைய காலர் அளவில் ஆயிரக்கணக்கில் தைத்து முடித்திருப்போம். அதோடு, லேட்டஸ்ட் என்பது எழுதும் நிமிடத்துக்குத்தான் உண்மை. இரண்டு மாதம் கழித்து ஷிப்மென்ட்டில் ஒரு க்ளெய்ம் வந்து, பழைய மெயில்களைத் தோண்டிப் படிக்கும்போது, ஒவ்வொரு மெயிலும் தன்னிடம் இருப்பதைத்தான் லேட்டஸ்ட் என்று சொல்லிக்கொண்டிருக்கும். தேதியும் வெர்ஷன் எண்ணும் மட்டுமே அப்போது பேசும்.

```
Wrong : as per your most latest comments
Right : as per your comments of 12 March (tech pack V3)
```

‘சுப்பீரியர்’, ‘இன்ஃபீரியர்’ இரண்டையும் இதோடு சொல்லிவிடுகிறேன். லத்தீனில் ஏற்கெனவே ஒப்பீட்டு வடிவமாக இருந்து வந்தவை அவை. ‘மோர் சுப்பீரியர்’ வேண்டாம். பின்னால் ‘தேன்’ வராது, ‘டு’ வரும். கோம்ப்டு நூல் கார்டட் நூலைவிட உயர்ந்தது என்று எழுதும்போது நம் ‘விட’ என்பது ‘தேன்’ என்று வந்து நிற்கும், அங்கே கை கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

ஸ்பெல் செக் ‘மோர் பெட்டர்’ போன்றவற்றைப் பிடிக்காது, ஏனென்றால் இரண்டு சொற்களுமே எழுத்துப்பிழை இல்லாதவை. இலக்கணச் சோதனை இருக்கும் மென்பொருள்கள் சிலவற்றைப் பிடிக்கும், சிலவற்றை விட்டுவிடும். எங்கள் அலுவலகத்தில் அடிக்கடி அனுப்பும் மெயில்களுக்கு டெம்ப்ளேட் வைத்திருக்கிறோம். பிழை ஒன்று அதில் ஏறிவிட்டால் எல்லாப் பையருக்கும் போய்க்கொண்டே இருக்கும். அவற்றைக் கூகுள் டாக்ஸில் போட்டு, ரெகுலர் எக்ஸ்பிரஷன் தேர்வை டிக் செய்து இப்படித் தேடலாம்:

```
\b(more|most) \w+(er|est)\b
```

‘மோர்’ அல்லது ‘மோஸ்ட்’ வந்து, அடுத்த சொல் அந்த வால்களில் முடிந்தால் காட்டும். ஆனால் ‘ரீப்ளேஸ் ஆல்’ பொத்தானைத் தொட்டுவிடாதீர்கள். ‘மோர் பேப்பர்’, ‘மோஸ்ட் ஹானஸ்ட்’ போன்ற சரியானவையும் வலையில் விழும், அந்த வால் அவற்றின் சொந்த உடம்பு. ‘மோர் வொர்ஸ்’, ‘மோர் சுப்பீரியர்’ போன்ற தவறுகள் வலைக்குள் வராமலே தப்பிவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்து, அந்தந்த இடத்தில் என்ன பொருள் என்று யோசித்துத்தான் மாற்ற வேண்டும்.

இந்தப் பிழையைச் செய்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. ஷேக்ஸ்பியர் காலத்தில் இரட்டை ஒப்பீடு ஆங்கிலத்தில் சாதாரணமாகப் புழங்கியது. ‘ஜூலியஸ் சீஸர்’ நாடகத்திலேயே ‘மோஸ்ட்’ போட்டு, அதே சொல்லுக்கு வாலும் வைத்த இடம் இருக்கிறது. 1762-இல் ராபர்ட் லோத் எழுதிய இலக்கண நூல் இது முறையல்ல என்று சொன்னது. அவரைப் போன்ற இலக்கணக்காரர்களின் கண்டிப்புக்குப் பிறகு இது எழுத்தில் பிழையாக நிலைத்துவிட்டது. ‘லெஸ்’ என்பதே ஒப்பீட்டுச் சொல், அதற்கு மேல் இன்னொரு வால் வைத்த ‘லெஸ்ஸர்’ மட்டும் தப்பித்து இன்றுவரை சரியான சொல்லாக இருக்கிறது. அறிவுக்குறைவு என்று யாரையும் சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஆனால் இன்றைய தொழில் ஆங்கிலத்தில் இது பிழைதான். தரத்தைப் பற்றிப் பேசும் மெயிலிலேயே இந்தப் பிழை இருந்தால், ரிப்போர்ட்டைச் சரியாகப் படித்துத்தான் எழுதினார்களா என்ற ஐயம் பையருக்கு வரும். நல்ல துணியைப் பின்னி, வாஷ் போட்டு, டெஸ்ட்டில் தேறிய பிறகு அந்த ஐயத்துக்கு இடம் கொடுப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அதனால் திருத்துகிற இடத்தில் இருக்கும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘மோர்’ என்ற சொல்லின் மேல் கோடு போட்டு மெயிலைத் திருப்பி அனுப்பாதீர்கள். எல்லோரையும் சி.சி.யில் வைத்து ஆங்கிலத்தைத் திருத்தவே திருத்தாதீர்கள், அடுத்த முறை அந்தப் பிள்ளை மெயில் எழுதவே பயப்படும். டிராஃப்ட்டில் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார வைத்து, ‘எதைவிட, எவ்வளவு, எந்தத் தேதி’ என்று தமிழில் கேளுங்கள். லேப் ரிப்போர்ட்டைப் பிரித்துக் கையில் கொடுங்கள். பில்லிங் எண் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டிவிட்டு, அந்த வரியை அவர்களையே திரும்ப எழுதச் சொல்லுங்கள்.